பொன்னியின் செல்வன் கதை முழுக்க ஒரே தாளில்: எதை வைப்பது, எதை விடுவது?

காட்பாடி_கலா

எங்கள் வாசகர் வட்டத்தில் இருந்து முப்பது பேர் வேன் வைத்து திருவல்லம், மேல்பாடி போகிறோம். வந்தியத்தேவனின் வாணர் குலத்து ஊர் என்று திருவல்லத்தில் பேசப்போகிறார்கள். மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயன் சமாதி மேல் எடுத்த பள்ளிப்படைக் கோயில். வருகிறவர்களில் பாதிப் பேர் பொன்னியின் செல்வன் படித்ததில்லை. அவர்களுக்காகக் கதையை ஒரு தாளில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும். பின்பக்கம் கோயில் குறிப்புக்குப் போய்விட்டது. வயதானவர்கள் படிக்கிற அளவு எழுத்தில் அடித்தால் முந்நூறு, முந்நூற்றைம்பது சொல்தான் பிடிக்கும்.

எழுதிப் பார்த்தேன். ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரி, கடம்பூர் மாளிகை, குரவைக்கூத்து, நள்ளிரவுச் சதி, குடந்தை ஜோதிடர், தஞ்சைக் கோட்டை, பழையாறை... வந்தியத்தேவன் கோடிக்கரைக்கு வந்து சேர்வதற்குள் தாள் தீர்ந்துவிட்டது. அது முதல் பாகத்தின் முடிவு. இன்னும் நாலு பாகம் இருக்கிறது! இதுவரை வந்த பெயர்களை எண்ணினேன், இருபத்துமூன்று.

எழுத்தைச் சின்னதாக்கு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

---

சத்துவாச்சாரி_சேகர்

இது கணக்கு வேலைதான் மேடம். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்று அஞ்சு பாகம். அஞ்சு பத்தி போடுங்கள். ஒரு பத்திக்கு அறுபத்தைந்து சொல், அதைத் தாண்டக்கூடாது. முதல் பத்தி நிரம்பியதும் கதை எங்கே நின்றாலும் வெட்டிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விட வேண்டும். ஆபீஸ் அறிக்கையெல்லாம் நான் இப்படித்தான் சுருக்குவேன்.

---

குடியாத்தம்_மாணவி

அக்கா, கதைச்சுருக்கம் எழுதும்போது கல்கியின் நடையழகு, நகைச்சுவை, இயற்கை வர்ணனை மூன்றையும் தனித் தலைப்பில் எழுதினால் நல்ல மதிப்பெண் வரும். ஆரம்பத்தில் ஆசிரியர் குறிப்பு, கடைசியில் கதை தரும் படிப்பினை. எங்கள் மிஸ் இப்படித்தான் சொன்னார்கள்.

---

காட்பாடி_கலா

மாணவி, அது தேர்வுக்கான நூல் மதிப்புரைம்மா. எனக்கு என்ன நடந்தது என்பது மட்டும் வேண்டும். வேனில் இருக்கிறவர் தாளைப் படித்துவிட்டு "சரி, நந்தினிக்குக் கரிகாலன் மேல் ஏன் அவ்வளவு கோபம்?" என்று கேட்டால் பதில் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

சேகர் சார், உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

---

பொன்னையாறு

நான் ஒரு வார இதழில் பல வருஷம் உதவி ஆசிரியராக இருந்தவன். தொடர்கதைக்கு மேலே சின்னப் பெட்டியில் முன்கதைச் சுருக்கம் வருமே, அதை எழுதும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். பெட்டியின் அளவு மாறாது, பத்து வரி. கதையோ வாரா வாரம் வளர்ந்துகொண்டே போகும். இந்த வாரத்துச் சங்கதி உள்ளே வர வேண்டுமென்றால் பழையதில் ஏதாவது ஒன்று வெளியே போயாக வேண்டும். போன மாதம் வரைக்கும் உயிர்ப்பான காட்சி என்று நினைத்தது இந்த மாதம் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு வருஷம் கழித்தும் பெட்டிக்குள் எது நிற்கிறதோ அதுதான் திருப்பம். மற்றது சம்பவம்.

சேகர் சொன்னதில் பாதி சரி. அளவை முதலிலேயே கட்டிப்போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் பாகத்துக்குச் சமபங்கு என்பது இந்த நாவலுக்கு ஒத்துவராது. மொத்தம் 293 அத்தியாயம், அதில் ஐந்தாம் பாகம் மட்டும் 91. கரிகாலன் சாவு, மந்தாகினி சாவு, குழந்தை மாறிய ரகசியம், மகுடம் யாருக்கு என்பது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் அறுபத்தைந்து சொல், சுழற்காற்றுக்கும் அறுபத்தைந்து சொல் என்றால் முன்னது மூச்சுத் திணறும், பின்னதில் ஆனைகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

கலா அம்மா, உங்கள் தாள் கோடிக்கரையில் தீர்ந்ததற்குக் காரணம் வேறு. வந்தியத்தேவன் குதிரைக்குப் பின்னாலேயே போயிருக்கிறீர்கள். கதையை நாம் பார்ப்பது பெரும்பாலும் அவன் கண்ணால்தான். ஆனால் கதை அவனைப் பற்றியது இல்லை. சுந்தர சோழருக்குப் பிறகு சிங்காதனத்தில் யார் என்பதுதான் கதை. ஆதித்த கரிகாலனா, அருள்மொழியா, மதுராந்தகனா? இந்தக் கேள்விக்கான பதிலை எந்தச் சம்பவம் மாற்றுகிறதோ அது தாளுக்குள் வரட்டும். மாற்றாதது எவ்வளவு சுவையாக இருந்தாலும் வெளியே நிற்கட்டும்.

இன்னொன்று. முதல் அத்தியாயத்தில் இருந்து எழுதாதீர்கள். கடைசிக் காட்சியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னால் நடந்து வாருங்கள்.

கடைசியில் என்ன நடக்கிறது? தனக்குச் சூட்ட வந்த மகுடத்தை அருள்மொழி சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான். ஒரு பூக்காரப் பையன் தலையில் சோழ மகுடம் ஏற வேண்டுமானால் அதற்கு முன்பு என்னென்ன நடந்திருக்க வேண்டும்? மூத்தவன் கரிகாலன் இல்லாமல் போயிருக்க வேண்டும். ஜனங்கள் அருள்மொழியே வேண்டும் என்று நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் கொடுப்பது தியாகம் ஆகாது. இதுவரை மதுராந்தகன் என்று இருந்தவன் செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை இல்லை, அமுதன்தான் அந்தப் பிள்ளை என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு "இது எதனால்?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். கரிகாலன் செத்தது கடம்பூருக்குப் போனதால். போனது அழைப்பு வந்ததால். அழைப்புக்குப் பின்னால் இருந்தவள் நந்தினி. அவள் அப்படிச் செய்தது வீரபாண்டியன் தலையைக் கரிகாலன் வெட்டியதால். நின்றுவிட்டது, இதற்கு மேல் பின்னால் போக வேண்டாம். நாலு தாவலில் ஒரு பத்தி கிடைத்துவிட்டது பாருங்கள். இதில் குரவைக்கூத்தும் இல்லை, குடந்தை ஜோதிடரும் இல்லை.

---

சத்துவாச்சாரி_சேகர்

அப்படியானால் இலங்கைப் பாகம் முழுக்க ரெண்டு வரியா சார்? அனுராதபுரம், ஊமை ராணி வரைந்த ஓவியங்கள், யானைப்பாகன் வேஷம் எல்லாம் போய்விடுமே. எனக்குப் பிடித்ததே அந்தப் பாகம்தான்.

---

பொன்னையாறு

பிடித்தது என்பதற்காக வைத்தால் தாள் போதாது தம்பி. இலங்கையில் மகுடக் கேள்வியை மாற்றுவது ஒன்றுதான். அருள்மொழியைச் சிறைப்பிடிக்கக் கட்டளை வருகிறது. தப்பிக்க வழியிருந்தும் அப்பா பெயரில் வந்த கட்டளை என்று அவன் பணிகிறான். கடலில் சுழற்காற்று, வந்தியத்தேவனைக் காப்பாற்றப் போய் அருள்மொழியும் அலையில் சிக்குகிறான், இளவரசர் கடலில் போய்விட்டார் என்று நாடு நம்புகிறது. அந்த வதந்தி இல்லாவிட்டால் நாகைப்பட்டினத்தில் அவன் உயிரோடு வெளிப்படும்போது ஜனங்கள் அப்படித் திரள மாட்டார்கள். ஆகவே இலங்கைக்கு ரெண்டு வரி, கடலுக்கு ரெண்டு வரி. ஊமை ராணி ஓவியங்கள் வேண்டாம். ஆனால் ஊமை ராணி வேண்டும், அவள் தஞ்சாவூரில் வருவாள்.

---

ஆரணிக்_கூத்தன்

தலைப்பைப் பார்த்ததும் எங்கள் தொழில்தானே என்று உள்ளே வந்தேன். எங்கள் அப்பா கட்டியக்காரன் வேஷம் கட்டுவார், நானும் பத்து வருஷமாகக் கட்டுகிறேன். ஆரணி, செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலெல்லாம் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. நேற்று வராதவன் இன்றைக்கு வந்து உட்கார்ந்திருப்பான். அவனுக்காக ஆட்டம் தொடங்கும் முன் போன கதையை நாலு வார்த்தையில் நான் சொல்லியாக வேண்டும். நீட்டினால் பின்னாலிருந்து கத்துவார்கள்.

எது போனாலும் நாங்கள் விடாத ஒன்று சபதம். துகில் உரிந்த அன்று பாஞ்சாலி கூந்தலை முடிய மாட்டேன் என்றாள் பாருங்கள், அதைச் சொல்லாமல் படுகளத்தில் துரியோதனனைப் படுக்க வைத்தால் பார்க்கிறவனுக்கு என்ன புரியும்? அவள் ஏன் அங்கே வந்து கூந்தல் முடிகிறாள் என்று கேட்பான். நடுவில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதை எந்த ராத்திரி வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். சபதம் போட்ட இடமும் அது தீர்ந்த இடமும் ஜோடி. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் சொல்லும் புத்தகத்தை நான் முழுக்கப் படித்ததில்லை. படம் ரெண்டும் பார்த்தேன். படத்தில் பூக்காரப் பையன் ராஜா ஆகிற மாதிரி இல்லையே? மதுராந்தகனே அல்லவா மகுடம் வாங்குகிறான்?

---

பொன்னையாறு

கூத்தன் தம்பி சொன்ன ஜோடிக் கணக்கு அருமை. நந்தினி திருப்புறம்பயம் பள்ளிப்படையில் பாண்டிய மன்னனின் மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளோடு வாளைத் தொட்டுச் செய்யும் சபதம் கட்டாயம் வர வேண்டும். அது தீர்கிற இடம் கடம்பூர்.

படத்தைப் பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. 2022லும் 2023லும் வந்த படங்களில் குழந்தை மாறிய கதை கிடையாது. மதுராந்தகனுக்கே மகுடம் போகிறது. கலா அம்மாவின் வேனில் படம் மட்டும் பார்த்தவர்கள் இருப்பார்கள். தாளில் சேந்தன் அமுதன் பெயரைப் பார்த்ததும் தப்பாக எழுதிவிட்டார்கள் என்பார்கள். அதற்காகவே அந்த இடத்தை ஒரு வாக்கியம் கூடுதலாக, நிதானமாக எழுதுங்கள்.

---

வாலாஜா_வாசகர்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தத் தாளைப் படித்துவிட்டு யாராவது நாவலை எடுத்துப் படிக்க வேண்டும் என்றுதானே வட்டம் நடத்துகிறீர்கள்? சேந்தன் அமுதன் யார் என்பதை முதல்முறை படிக்கிறவர் தானாகக் கண்டுபிடிக்கும் சுகம் இருக்கிறதே, அதைத் தாளிலேயே உடைத்துவிட்டால் ஐந்து பாகம் யார் படிப்பார்கள்? "மகுடம் யாருக்குச் சேர்ந்தது என்பதே மீதிக் கதை" என்று நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, வீரபாண்டியன் தலை போன கதை நாவலின் தொடக்கத்தில் வருவதே இல்லை. நந்தினி யார், என்ன வேண்டும் என்று தெரியாமலேயே வெகுதூரம் போகிறோம். பொன்னையாறு ஐயா சொல்கிறபடி காரணத்தில் இருந்து எழுதினால் அந்த மர்மம் முதல் பத்தியிலேயே செத்துவிடும்.

---

பொன்னையாறு

முடிவைச் சொல்லாமல் நிறுத்துவது பின்னட்டை வாசகம், வாலாஜா. விற்பதற்கு எழுதுவது. கலா அம்மா கேட்டது கதைச் சுருக்கம். திருவல்லத்தில் நின்று பேச்சாளர் "அமுதனுக்கு மகுடம் கொடுத்தது சரியா?" என்று கேட்கும்போது முப்பது பேரில் பாதிப் பேர் விழிக்கக்கூடாது.

ஆனால் உங்கள் இரண்டாவது பேச்சில் விஷயம் இருக்கிறது. பின்னால் நடந்து வருவது எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்க மட்டும்தான். எழுதும்போது எந்த வரிசை என்பது வேறு கேள்வி. வீரபாண்டியன் கதையை நந்தினி சபதம் செய்யும் இடத்தில் "சில வருஷங்களுக்கு முன்" என்று ஒரே வாக்கியமாக நுழைக்கலாம். நான் அப்படித்தான் செய்வேன். முதல் வரியிலேயே அதை வைக்கிறவர்களும் உண்டு, காலவரிசை குழம்பாது என்பார்கள். குழந்தை மாறிய கதையும் அப்படியே. அதை எழுத நான் தேர்ந்தெடுக்கும் இடம் மந்தாகினி இறக்கும் இடம்.

---

காட்பாடி_கலா

நேற்று ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுதினேன். இதோ பாருங்கள்:

> சோழப் பேரரசர் சுந்தர சோழர் நோயுற்றுத் தஞ்சையில் கிடக்கிறார். மூத்த மகன் ஆதித்த கரிகாலன் காஞ்சியில், இளையவன் அருள்மொழிவர்மன் இலங்கைப் போரில். தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரும் குறுநில மன்னர்களும் அவர்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டு, பேரரசரின் பெரியப்பா மகன் மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டக் கடம்பூரில் கூடிச் சதி செய்கிறார்கள். கரிகாலனின் ஓலையோடு வரும் வல்லத்து வீரன் வந்தியத்தேவன் அதை ஒட்டுக்கேட்டு இளவரசி குந்தவையிடம் சொல்கிறான். அருள்மொழியை அழைத்துவர அவள் அவனை இலங்கைக்கு அனுப்புகிறாள்.
>
> இதற்கிடையில் அருள்மொழியைச் சிறைப்பிடிக்கத் தஞ்சையிலிருந்து கட்டளை போகிறது. தந்தை பெயரில் வந்தது என்று அவன் பணிகிறான். கடலில் சுழற்காற்று வீச, வந்தியத்தேவனைக் காப்பாற்றப் போய்த் தானும் அலையில் சிக்குகிறான். படகோட்டிப் பெண் பூங்குழலி இருவரையும் மீட்கிறாள். அருள்மொழி காய்ச்சலோடு நாகைப்பட்டினம் புத்த விகாரத்தில் மறைந்திருக்க, அவன் இறந்ததாக நாடு நம்புகிறது.
>
> இதற்கிடையில் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி வேறொரு சதியில் இருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன், அவள் கெஞ்சியும் கேளாமல் காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனின் தலையைக் கரிகாலன் வெட்டினான். பாண்டிய ஆபத்துதவிகளோடு சேர்ந்து அவனைப் பழிவாங்கச் சபதம் செய்த அவள், அவன் கடம்பூருக்கு அழைக்கப்படும்படி செய்கிறாள். குந்தவை தடுத்தும் கரிகாலன் போகிறான். அங்கே நந்தினி அவனைக் கொல்கிறாள். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது.
>
> இதற்கிடையில் தஞ்சையில் சுந்தர சோழர் மேல் எறிந்த வேலைத் தன் மேல் வாங்கிச் சாகிறாள் ஊமைப் பெண் மந்தாகினி, அவர் ஒருகாலத்தில் காதலித்தவள். மதுராந்தகன் அவள் பெற்ற பிள்ளை என்பது வெளிப்படுகிறது. செம்பியன் மாதேவியின் குழந்தை இறந்துவிட்டது என்று எண்ணி அந்த இடத்தில் வைக்கப்பட்டவன் அவன். உண்மையில் உயிர் பிழைத்த குழந்தை, பூக்காரன் சேந்தன் அமுதனாக வளர்ந்திருக்கிறான். உண்மை தெரிந்த போலி மதுராந்தகன் ஆபத்துதவிகளோடு போய்விடுகிறான். நாகையில் வெளிப்பட்ட அருள்மொழியே அரசனாக வேண்டும் என்று மக்கள் நிற்கிறார்கள். முடிசூட்டு நாளில் அவன் மகுடத்தைச் சேந்தன் அமுதனுக்குச் சூட்டுகிறான்.

பதிமூன்று பதினான்கு பெயருக்குள் வந்துவிட்டது. கீழே மூன்று விரல் இடம்கூட மிச்சம் இருக்கிறது.

---

பொன்னையாறு

நல்ல தாள். மூன்று இடத்தில் கைவைக்கிறேன்.

முதலில் "அங்கே நந்தினி அவனைக் கொல்கிறாள்." இதை எடுத்துவிடுங்கள். கல்கி அப்படிச் சொல்லவில்லை. விளக்கு அணைகிறது, இருட்டில் என்ன நடந்தது என்பது நமக்கு முழுசாகத் தெரிவதில்லை. பெரிய பழுவேட்டரையர் பிறகு பழியைத் தன் மேல் ஏற்றுக்கொள்கிறார், அதுவும் முடிந்த முடிவாக நிற்பதில்லை. நாவலாசிரியர் திறந்தே விட்ட கதவைச் சுருக்கம் எழுதுகிறவர் சாத்தக்கூடாது. "அங்கே கரிகாலன் கொலையுண்டு கிடக்கிறான், யார் கையால் என்பது இருளிலேயே இருக்கிறது" என்று எழுதினால் போதும்.

இரண்டாவது, உங்கள் "இதற்கிடையில்". மூன்று தடவை வந்திருக்கிறது. சுருக்கம் எழுதுகிறவர் காரணத்தைத் தவறவிட்ட இடத்தில்தான் இந்தச் சொல் வந்து உட்காரும். சதிகாரர்களுக்குத் தடையாக இருப்பவன் அருள்மொழி, ஆகவே கட்டளை போகிறது. அங்கே "இதற்கிடையில்" எடுத்துவிட்டு, "மக்களின் அன்பைப் பெற்ற அருள்மொழி திரும்பினால் சதி பலிக்காது என்று பழுவேட்டரையர்கள் அவனைச் சிறைப்பிடிக்கக் கட்டளை அனுப்புகிறார்கள்" என்று எழுதுங்கள். முதல் பத்தியும் இரண்டாம் பத்தியும் கோத்துக்கொள்ளும். ஜனங்கள் அவனை விரும்புகிறார்கள் என்ற செய்தியும் இப்போதே விழுந்துவிடும், கடைசி வாக்கியத்துக்கு அது வேண்டும். நந்தினியிடமும் அப்படித்தான். அவளுடைய சதி மதுராந்தகன் சதிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. "கணவரின் சதியைப் பயன்படுத்தித் தன் பழியைத் தீர்க்கப் பார்க்கிறாள்" என்றால் இரண்டும் ஒரே கயிறாகிவிடும். மூன்றாவது "இதற்கிடையில்" மட்டும் நியாயமானது. கடம்பூரும் தஞ்சையும் ஏறக்குறைய ஒரே வேளையில் நடப்பவை. அங்கேயும் வேலை எறிந்தவன் அதே ஆபத்துதவிகளின் ஆள் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வேல் ஆகாயத்தில் இருந்து வருகிறது.

மூன்றாவது, பெரிய பழுவேட்டரையரை நடுவழியில் விட்டுவிட்டீர்கள். முதல் பத்தியில் சதிக்குத் தலைவர் அவர். மனைவி தன்னை வைத்து என்ன செய்தாள் என்று தெரிந்ததும் அவர் மனம் மாறுகிறதும், கடைசியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வதும் இல்லாமல், மதுராந்தகன் கட்சி ஏன் கலைந்தது என்பது புரியாது. கூத்தன் தம்பியின் ஜோடிக் கணக்குதான் இதுவும். மிச்சமிருக்கும் மூன்று விரல் இடம் அவருக்கு.

---

வாலாஜா_வாசகர்

கொலையைப் பற்றி ஒன்று. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயரோடு இருக்கிறதே. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்த செய்தி, ராஜராஜன் ஆட்சியின் ஆரம்பத்தில் பொறித்தது. அதை வைத்து "ரவிதாசன் கூட்டம் கொன்றது" என்று எழுதிவிடலாமே? எதற்கு இருட்டு?

---

பொன்னையாறு

அது வரலாறு. இந்தத் தாள் நாவலுக்கு. கல்வெட்டைப் பின்பக்கத்துக் குறிப்பில் போடுங்கள், அருமையாக இருக்கும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் அப்புறம் குழந்தை மாறியதும் கல்வெட்டில் இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். வரலாற்றில் மதுராந்தகன் என்ற உத்தம சோழன் செம்பியன் மாதேவியின் மகன், அவ்வளவுதான். மாறாட்டம் கல்கியுடையது.

---

சத்துவாச்சாரி_சேகர்

எல்லாம் சரி, அந்த வீர வைணவர் ஆழ்வார்க்கடியான் எங்கே? தாளை ரெண்டு தடவை தேடிவிட்டேன். அந்த மனுஷன் இல்லாமல் பொன்னியின் செல்வனா? வந்தியத்தேவனுக்கு அடுத்து எல்லா இடத்திலும் இருக்கிறவர் அவர்தானே.

---

குடியாத்தம்_மாணவி

அருள்மொழியைக் காதலிக்கும் வானதியும் இல்லை அக்கா. சிங்காதனத்தில் உட்கார மாட்டேன் என்று அவள் செய்வதும் சபதம்தானே. கூத்து அண்ணா சபதத்தை விடக்கூடாது என்றாரே. மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் சாவதும் இல்லை. நான் அங்கேதான் அழுதேன்.

---

ஆரணிக்_கூத்தன்

பாப்பா கேட்டது சரியான கேள்வி. ஆனால் எல்லாச் சபதமும் ஒன்றில்லை. பாரதத்தில் ஆளாளுக்குச் சபதம் போடுவார்கள். எது தீர்ந்தால் கதை தீருமோ அதை மட்டும் சொல்வோம். வானதி சபதம் செய்யாமல் இருந்திருந்தால் அந்த இளவரசர் மகுடத்தைக் கொடுக்காமல் இருந்திருப்பாரா? நீங்கள் படித்தவர்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

---

குடியாத்தம்_மாணவி

கொடுத்திருப்பார் அண்ணா. ஆனால் அவளும் விட்டுக்கொடுத்தாள் என்பதால்தான் கடைசிப் பாகத்துக்குத் தியாகச் சிகரம் என்று பெயர். அவர் ஒருத்தர் மட்டும் தியாகம் செய்யவில்லை.

---

பொன்னையாறு

இந்தப் பெண் சொல்வதை என்னால் முழுசாக மறுக்க முடியவில்லை. மகுடக் கேள்வியை அளவுகோலாக வைத்தால் வானதி வெளியே நிற்பாள். தியாகத்தை அளவுகோலாக வைத்தால் வானதி, மந்தாகினி, மணிமேகலை எல்லாரும் உள்ளே வருவார்கள், கடற்கரைக் காட்சிகள் வெளியே போகும். அதுவும் ஒரு சரியான தாள்தான், வேறு தாள். இரண்டு அளவுகோலையும் ஒரே பக்கத்தில் வைத்தால் இருபத்துமூன்று பெயருக்குத் திரும்பிவிடுவோம்.

ஆழ்வார்க்கடியான் விஷயத்தில் சந்தேகமே இல்லை, சேகர். அவர் செய்கிற வேலை முதன்மந்திரி அநிருத்தருக்குச் செய்தி கொண்டுபோவதும் சமயத்தில் வந்து நிற்பதும். அவர் பெயரை எடுத்துவிட்டுக் கலா அம்மா தாளைப் படித்துப் பாருங்கள், எங்கேயாவது தட்டுகிறதா? பூங்குழலியை எடுத்துப் பாருங்கள், கடலில் இரண்டு பேர் மூழ்கிப் போவார்கள்.

---

சத்துவாச்சாரி_சேகர்

தட்டவில்லைதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இன்னொன்று, கடைசி வாக்கியத்தில் "உத்தம சோழன் என்ற பெயரில்" என்று சேருங்கள். இல்லாவிட்டால் மேல்பாடியில் யாராவது "அமுத சோழன் என்று ஒரு ராஜா இருந்தாரா?" என்று பேச்சாளரைக் கேட்பார்கள். எங்கள் தெருவில் இருந்தே ரெண்டு பேர் கேட்பார்கள்.

---

காட்பாடி_கலா

சேர்த்துவிட்டேன் சார், நல்ல யோசனை. ஐயா சொன்னபடி இரண்டு "இதற்கிடையில்" போய்விட்டது, கொலை இருட்டுக்குள் போய்விட்டது, பழுவேட்டரையர் முடிவு வந்துவிட்டது. பழுவேட்டரையருக்கு இடம் பத்தாமல், பூங்குழலி "படகோட்டிப் பெண்" ஆகவே நிற்கிறாள், பெயர் போட முடியவில்லை. அப்படிப் பார்த்தால் பெயரே இல்லாமல் வேலை நடக்கிற ஆட்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

வாலாஜா சார், முடிவைச் சொல்வதா வேண்டாமா என்பதில் எங்கள் வட்டத்துக்குள்ளேயே சண்டை. செயலர் உங்கள் கட்சி. முடிசூட்டு வாக்கியத்தை மட்டும் தாளின் அடியில் தனியாக அடித்து, மடித்துக் கொடுக்கலாம் என்கிறார். மடிப்பைப் பிரிக்காமல் வேனில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

---

வாலாஜா_வாசகர்

நான் பிரிக்க மாட்டேன். ஏற்கனவே நாலு தடவை படித்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

---

ஆரணிக்_கூத்தன்

அந்தத் தாளில் ஒன்று எனக்கு அனுப்புங்கள் அக்கா. இதை ஒரு ராத்திரிக் கூத்தாகக் கட்டலாம் போலிருக்கிறது. கட்டியக்காரனுக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும், அந்த வைணவச் சாமியார் யாரோ சொன்னீர்களே, அவர் சரியாக இருப்பாரா?

---

சத்துவாச்சாரி_சேகர்

அப்படிக் கேளுங்கள் தம்பி!